காட்டியதும் கூறியதும்

சென்ற ஆண்டு நம் மைசூர்த் தமிழன்பர் கூட்டமொன்றில், கல்வெட்டுத் துறையில் நெடுங்காலம் பணியாற்றி ஓய்வு பெற்ற முதியவர் ஒருவர் சொற்பொழிவாற்றினார். மைசூர்ப் பகுதியில் காணப்படும் தமிழ்க் கல்வெட்டுகளைப் பற்றியது அப்பேச்சு. தம் பெயரை எங்கும் குறிக்க வேண்டா என்பது அவர் விருப்பமாதலின், இங்கும் அவரைப் பெரியவர் என்றே குறிப்போம். கணிப்பொறியில் முப்பத்தொரு படவில்லைகளைக் கோத்து எடுத்து வந்து, திரையில் ஒவ்வொன்றாகக் காட்டியவாறே ஐம்பத்தாறு நிமிடம் பேசினார். ஸ்லைடு என்று எல்லோரும் வழங்கும் அப்படவில்லைத் தொகுப்பின் பிரதி ஒன்றை நம்மிடம் விட்டுச் சென்றார். மேசைமீது வைத்திருந்த கைப்பேசியில் பேச்சு முழுவதும் பதிவாகியிருந்தது. இவ்விரண்டையும் சேர்த்து, கூட்டத்திற்கு வாராதவரும் படித்தறியுமாறு ஒரு கட்டுரையாக்கும் பணி நமக்கு வாய்த்தது.

எளிய பணி என்றே முதலில் எண்ணினோம். படமும் இருக்கிறது, பேச்சும் இருக்கிறது; இனி வேலை என்ன இருக்கப் போகிறது என்று கருதினோம். அவ்வெண்ணம் தவறு என்பதை ஒருவர் மகிழ்ச்சியைக் கண்ட பிறகே உணர்ந்தோம். அதனை முதற்கண் சொல்லிவிடுவது நன்று.

அவசரத்தில் எழுதிய முதற்படியில், படவில்லைகளில் இருந்த வாசகங்களையே முதுகெலும்பாகக் கொண்டு, பேச்சிலிருந்து ஆங்காங்கே சில வரிகளைச் சேர்த்திருந்தோம். பத்தொன்பதாம் படவில்லையில், காவிரிக்கரை ஊர் ஒன்றில் உள்ள உடைந்த கல்லின் படமும், அதன்கீழ், ‘தமிழர் குடியிருப்பு – 11ஆம் நூற்றாண்டு’ என்னும் வரியும் இருந்தன. நாமும், ‘மைசூர் அருகே பதினோராம் நூற்றாண்டிலேயே தமிழர் குடியிருப்பு இருந்தமைக்கு இக்கல்வெட்டுச் சான்று’ என்று எழுதிவிட்டோம். அதனை நம் உறுப்பினர் ஒருவரிடம் படிக்கக் கொடுத்தோம். ஐம்பது ஆண்டுகளுக்கு முன் வேலை தேடி இவ்வூருக்கு வந்தவர். இங்கேயே வீடு கட்டி, பிள்ளைகளைக் கன்னடப் பள்ளியில் படிக்க வைத்தவர். அந்த ஒரு வரியை இருமுறை படித்தார். “என் பேரனிடம் இதைக் காட்ட வேண்டும்; நாம் நேற்று வந்தவர்கள் அல்லர் என்று அவன் தெரிந்துகொள்ளட்டும்” என்றார். அவர் முகத்தில் தோன்றிய மலர்ச்சியைக் கண்டு நாமும் மகிழ்ந்தோம்.

மறுநாள் படியைப் பெரியவருக்கு அனுப்பினோம். மாலையிலேயே தொலைபேசியில் அழைத்தார். “பத்தொன்பதாவதில் நீங்கள் எழுதியிருப்பதை நான் சொல்லவில்லையே” என்றார். “ஐயா, படவில்லையில் அப்படித்தானே இருக்கிறது?” என்றோம். “படவில்லையில் இருக்கிறது, உண்மைதான். நான் பேசியதைக் கேட்டுப் பாருங்கள்” என்று மட்டும் சொல்லி முடித்தார்.

கேட்டோம். முப்பத்து மூன்றாம் நிமிடத்தில் அவர் குரல் இவ்வாறு ஒலித்தது: “இதிலே அரசன் பேர் இல்லை. கல் மேல்பக்கம் உடைஞ்சுபோச்சு. எழுத்தைப் பார்த்தா பதினோராம் நூற்றாண்டு மாதிரி இருக்கு, பன்னிரண்டாகவும் இருக்கலாம். தமிழ்லே வெட்டியிருக்குங்கிறதனாலே ஊர்க்காரங்க எல்லாரும் தமிழ் பேசினாங்கன்னு சொல்லிட முடியாது. ஆள்றவங்க மொழியிலே ஆவணம் எழுதறது வழக்கம். தானம் கொடுத்தவர் பேர் தமிழ்ப் பேரா இருக்கு. அது ஒரு குறிப்பு, அவ்வளவுதான்.”

திரையில் காட்டிய வரி ஒன்று. வாயால் கூறியது வேறொன்று. எனினும் பெரியவர் முரண்பட்டுப் பேசினார் அல்லர். படவில்லையில் எழுதும் வரி, நான்கைந்து சொற்களில் அடங்க வேண்டும். கடைசி வரிசையில் அமர்ந்திருப்பவர் கண்ணுக்கும் எட்ட வேண்டும். ஆகவே ‘இருக்கலாம்’, ‘போலும்’, ‘அவ்வளவுதான்’ என்பன அங்கே இடம் பெறுவதில்லை. அவற்றையெல்லாம் வாயால் சொல்லிக்கொள்ளலாம் என்னும் துணிவிலேயே பேச்சாளர் அவ்வளவு சுருக்கமாக எழுதுகிறார். எனவே ஒரு செய்தி யாது என்பதைப் படவில்லை சொல்லும். அச்செய்தி எவ்வளவு உறுதியானது, எதனால் அவ்வாறு கூறுகிறோம் என்பதைப் பேச்சே சொல்லும். படவில்லையை மட்டும் நம்பி எழுதினால், பேச்சாளர் கூறத் துணியாத ஒன்றை அவர் வாயில் திணித்தவர் ஆவோம். நாம் அதையே செய்திருந்தோம். அச்சில் ஏறியிருந்தால், அந்தப் பேரன் அதனைப் பள்ளியில் போய்ச் சொல்லியிருப்பான். அறிந்த ஆசிரியர் ஒருவர் மறுத்திருப்பார். வெட்கம் அச்சிறுவனுக்கு நேர்ந்திருக்கும்.

முதற்படியைக் கிழித்துவிட்டு மீண்டும் தொடங்கினோம். இம்முறை எழுதுவதற்கு முன்னரே செய்ய வேண்டியவை சில இருந்தன.

முதலில் பேச்சின் எழுத்துப்படி. நம் உறுப்பினர் ஒருவரின் மகள், கல்லூரியில் பயில்பவள், ஐந்து மாலைப்பொழுதுகள் அமர்ந்து பதிவைக் கேட்டுக் கேட்டுத் தட்டச்சு செய்து கொடுத்தாள். பள்ளியில் கன்னடமும் வீட்டில் தமிழுமாக வளர்ந்தவளாதலின், துறைச் சொற்கள் அவளுக்குப் பழக்கமில்லை. கல்லெழுத்துகளைத் தாளில் மையிட்டு எடுக்கும் ‘மைப்படி’ என்பதை இருபது இடங்களிலும் ‘மைப்பொடி’ என்றே எழுதியிருந்தாள். ‘மெய்க்கீர்த்தி’ என்பது ‘மேற்கீர்த்தி’ ஆகியிருந்தது. குறை அவளுடையது அன்று; கேட்டறியாத சொல்லைக் காது தான் அறிந்த சொல்லாகவே கேட்கும். இங்கேதான் படவில்லைத் தொகுப்பு முதன்முதலில் கைகொடுத்தது. முப்பத்தொரு படவில்லைகளிலும் உள்ள ஊர்ப் பெயர், அரசர் பெயர், துறைச் சொல், ஆண்டு ஆகியவற்றை ஒரு தாளில் பட்டியலிட்டு, அதனைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு எழுத்துப்படியைத் திருத்தினோம். பெயர்க்கும் எண்ணுக்கும் படவில்லையே முதற்சான்று; பேச்சாளர் அவற்றை நிதானமாக வீட்டில் அமர்ந்து எழுதியிருப்பார்.

அடுத்து, எந்தச் சொல் எந்தப் படத்தின்போது கூறப்பட்டது என்பதைக் கண்டறிதல் வேண்டும். பதிவில் ஒலி மட்டுமே இருந்தது. படம் மாறியதைக் காட்டும் அடையாளம் யாதும் இல்லை. ஒரு தாளில் மூன்று பத்திகள் கோடிட்டோம். முதற்பத்தியில் படவில்லை எண். இரண்டாவதில் அது திரைக்கு வந்த நிமிடமும் நொடியும். மூன்றாவதில் அவ்வாறு நாம் முடிவு செய்ததற்குக் காரணமான சொல். ‘அடுத்தது பாருங்க’ என்பது போன்ற சொற்கள் பாதி இடங்களில் உதவின. ஏனைய இடங்களில், சிறு மௌனத்தின் பின் புதிய ஊர்ப் பெயர் ஒலிப்பதைக் கொண்டு அறிந்தோம். ஐம்பத்தாறு நிமிடப் பேச்சுக்கு இந்தப் பட்டியலை முடிக்க ஒரு முழு நாள் சென்றது.

அந்த ஒரு நாள் உழைப்பு, தொகுப்பைப் புரட்டிப் பார்த்தவர்க்கும் பேச்சை மட்டும் கேட்டவர்க்கும் புலப்படாத சிலவற்றைக் காட்டியது. தொகுப்பில் எல்லாப் படவில்லைகளும் ஒரே அளவினவாய்த் தோன்றும். பட்டியலிலோ, பதினேழாம் படவில்லையின்மீது பெரியவர் ஒன்பது நிமிடம் நின்றிருந்தார். ஆறு படவில்லைகளைப் பத்து நொடிக்கு ஒன்றாகத் தள்ளிச் சென்றிருந்தார். எதற்குக் கட்டுரையில் எவ்வளவு இடம் தருவது என்னும் வினாவிற்கு விடை அங்கேயே இருந்தது. கடைசி மூன்று படவில்லைகள் திரைக்கு வரவேயில்லை. நேரமாயிற்று என்று நிறுத்திவிட்டார். ஒன்பதாம் படவில்லை மட்டும் இருமுறை வந்திருந்தது: பன்னிரண்டாம் நிமிடத்தில் ஒருமுறை, நாற்பத்து நான்காம் நிமிடத்தில், வினா ஒன்றுக்கு விடை கூறும்போது, மற்றொருமுறை.

தொகுப்பைத் தாளில் அச்சிட்டு வைத்துக்கொண்டதிலும் ஓர் இடர் நேர்ந்தது. பதினான்காம் படவில்லையில் ஒரு கல்லின் படம் மட்டுமே தெரிந்தது; பேச்சிலோ மூன்று கற்களைப் பற்றிய விளக்கம் வந்தது. கணிப்பொறியில் திறந்து பார்த்தபோதுதான், மூன்று படங்கள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்பட்டிருந்தமையும், கூட்டத்தில் அவை ஒன்றன்பின் ஒன்றாகத் தோன்றியமையும், தாளில் மேலே கிடந்தது மட்டுமே பதிந்தமையும் விளங்கின. பேச்சில் வரும் பொருள் படத்தில் இல்லையெனில், பேச்சாளர் வழிதவறினார் என்று முடிவு கட்டுமுன் தொகுப்பை இயக்கிப் பார்ப்பது நலம். படவில்லையின் அடியில், தமக்கென அவர் எழுதி வைத்த குறிப்புகளும் சில இருந்தன. அவை அவையோர்க்குக் காட்டப்பட்டவையும் அல்ல, கூறப்பட்டவையும் அல்ல. ஆகவே அவரைக் கேளாமல் அவற்றைத் தொடுவதில்லை என்று வைத்துக்கொண்டோம்.

இனி, படமும் பேச்சும் வேறுபடும் இடங்கள். அவற்றைத் திரட்டிப் பார்த்தபோது மூன்று வகையாகப் பிரிந்தன.

முதல்வகை, காதின் பிழை. இந்தியத் தொல்லியல் அளவீட்டுத் துறையின் கல்வெட்டுப் பிரிவு, முன்பு உதகையில் இருந்து, 1966இல் மைசூருக்கு வந்தது. நம் எழுத்துப்படியில், ‘எண்பத்தாறில் இங்கே வந்தது’ என்று இருந்தது. படவில்லையில் 1886, 1966 ஆகிய இரண்டு ஆண்டுகளும் இருந்தன. முன்னது, ஹுல்ட்ஷ் என்னும் செருமானிய அறிஞர் சென்னை அரசின் கல்வெட்டாய்வாளராக அமர்ந்த ஆண்டு. பதிவை மீண்டும் கேட்டபோது, பெரியவர் சொன்னது ‘அறுபத்தாறு’ என்பது தெளிவாயிற்று. அரங்கின் மின்விசிறி ஓசையில் முதலெழுத்துத் தேய்ந்திருந்தது. இவ்வகைப் பிழையைப் பதிவே தீர்த்து வைக்கும்.

இரண்டாம் வகை, ஒன்றே இரு கோலத்தில் வருதல். ஒரு கல்வெட்டின் காலத்தைப் படவில்லை, ‘இராசராசன், ஆட்சியாண்டு 22’ என்றது. பேச்சு, ‘ஆயிரத்து ஆறு ஏழு வாக்கில்’ என்றது. முரண் என்று முதலில் குறித்துக்கொண்டோம். முதலாம் இராசராசன் பட்டமேறியது 985இல். அதனை முதலாண்டாகக் கொண்டு எண்ணினால் இருபத்திரண்டாம் ஆட்சியாண்டு 1006-07இல் வந்து நிற்கும். ஆகவே முரண் இல்லை. கல் தருவது ஆட்சியாண்டு. கேட்போர்க்கு எளிதாகட்டும் என்று பெரியவர் கிறித்தவ ஆண்டாக மாற்றிக் கூறினார். இத்தகைய இடத்தில் ஒன்றை விட்டு ஒன்றை எடுப்பது தவறு. இரண்டையும் ஒரே தொடரில் தர வேண்டும். கல்லில் உள்ளது எது, நாம் கணக்கிட்டது எது என்பது படிப்பவர்க்குத் தெரிய வேண்டும்.

மூன்றாம் வகையே உண்மையான வேறுபாடு. ஒன்பதாம் படவில்லை, தமிழ் மைப்படிகள் எல்லாம் மைசூரில் இருப்பதாகக் கூறியது. பன்னிரண்டாம் நிமிடத்தில் பெரியவரும் அவ்வாறே படித்துச் சென்றார். நாற்பத்து நான்காம் நிமிடத்தில் ஒருவர், ‘அவற்றை நாங்கள் போய்ப் பார்க்கலாமா’ என்று வினவினார். உடனே பெரியவர், “மன்னிக்கணும், அது பழைய படம். 2021 ஆகஸ்டிலே உயர்நீதிமன்றத்தோட மதுரைக் கிளை, தமிழ்ப் படிகளைச் சென்னைக்கு மாத்தச் சொல்லி ஆணை போட்டுது. அதைத் திருத்தாம கொண்டு வந்துட்டேன்” என்றார். இங்கே படமும் ஒருபக்கம், பேச்சின் முற்பகுதியும் அதே பக்கம். இரண்டையும் மறுப்பது பிற்பகுதி. எண்ணிக்கை பார்த்தால் இரண்டுக்கு ஒன்று. ஆயினும் பேச்சாளர் தெரிந்தே செய்த திருத்தம் ஏனைய எல்லாவற்றையும் வெல்லும். அத்திருத்தம் பேச்சில் எங்கே வந்ததோ அங்கேயே கட்டுரையிலும் வந்தால், படிப்பவர் முன்பக்கத்தில் பிழையைக் கற்றுப் பின்பக்கத்தில் மறக்க வேண்டியிருக்கும். பின்பக்கம்வரை வாராதவர் பிழையோடே போவார். ஆகவே திருத்திய செய்தியை முதலிடத்திலேயே வைத்தோம். ஆணையையும் ஆண்டையும் அங்கேயே குறித்தோம். வினா விடைப் பகுதியில் அதனை மீண்டும் எழுதவில்லை.

அடுத்து நம்மை மிகவும் வருத்தியது, சுட்டுச்சொல். பெரியவர் ஒன்பது நிமிடம் நின்ற பதினேழாம் படவில்லையில், ஒரு மைப்படியின்மீது சிவப்பு வட்டம் இரண்டும் நீல வட்டம் இரண்டும் இடப்பட்டிருந்தன. எழுத்துப்படியில் இருந்தது இது: “இதையும் இதையும் பாருங்க. பார்வைக்கு ஒண்ணுதான். ஆனா இது ரகரம், அது கால். பிரிச்சுப் படிக்கலேன்னா ஊர்ப் பேரே மாறிடும்.” அவர் கையிலிருந்த ஒளிக்கோலின் செம்புள்ளி திரையில் எங்கே நின்றது என்பதை ஒலிப்பதிவு எவ்வாறு சொல்லும்? பொருள் நமக்கு ஒருவாறு விளங்கியது. பழைய தமிழ்க் கல்வெட்டுகளில், ‘கா’, ‘மா’ முதலிய நெடிலைக் காட்டும் காலும் ரகர எழுத்தும் ஒரே வடிவில் வெட்டப்பட்டிருக்கும். மெய்யெழுத்துக்குப் புள்ளியும் பெரும்பாலும் இடுவதில்லை. ஆகவே ‘கா’ என்று படிப்பதா, ‘கர’ என்றோ ‘கர்’ என்றோ படிப்பதா என்பதை இடம் நோக்கியே முடிவு செய்தல் வேண்டும். எந்த நிற வட்டம் எதனைக் குறித்தது என்பதில்தான் ஐயம். சிவப்பே ரகரம் என்று துணிந்து எழுதினோம். பெரியவர் பார்த்துச் சிரித்து, “தலைகீழ்” என்றார்.

பின்னர் ஒரு முறையைக் கைக்கொண்டோம். எழுத்துப்படியில் ‘இது’, ‘அது’, ‘இங்கே’, ‘இந்தப் பக்கம்’ என வரும் இடங்களையெல்லாம் பென்சிலால் கோடிட்டோம். நூற்றுக்கும் மேற்பட்டவை தேறின. ஒவ்வொன்றிற்கும் எதிரே, அது சுட்டும் பொருளின் பெயரை எழுதினோம். உறுதியாகத் தெரியாத பதினொன்றை மட்டும் தனித்தாளில் திரட்டிப் பெரியவரிடம் கேட்டுத் தெளிந்தோம். கட்டுரையில் அப்படத்தை அச்சிட்டு, வட்டங்களுக்கு மாறாக ஒன்று, இரண்டு என எண்ணிட்டோம். மலர் கறுப்பு வெள்ளையில் அச்சாவதால் நிறம் பயன்படாது. கோடிட்ட சொல் ஒன்றேனும் மாற்றப்படாமல் எஞ்சியிருந்தால், அந்த இடத்தில் கட்டுரை இன்னும் பேச்சாகவே இருக்கிறது என்று பொருள். படத்தை மறைத்துவிட்டுப் பத்தியைப் படித்துப் பார்த்தால் இது தானே வெளிப்படும்.

படமும் பேச்சும் ஒன்றையே சொல்லும் இடங்களும் உண்டு. நாம் முதலில் செய்ததுபோலப் படவில்லை வரியைத் தலைப்பாக இட்டு, அதன்கீழ்ப் பேச்சை ஒட்டினால் எல்லாம் இரட்டிப்பாகும். மைப்படி எடுக்கும் முறையைப் பற்றிய படவில்லையில் நான்கு சொற்களே இருந்தன: ‘தூய்மை – நனைத்தல் – தட்டல் – மையிடல்’. பேச்சில் அதற்கு நாலு நிமிட விளக்கம். நடுவே பழைய பயணக் கதை ஒன்று. ஒன்றை மறந்து பின்னால் வந்து சொன்னதும் உண்டு. படவில்லை தந்த வரிசையையும் பேச்சு தந்த காரணத்தையும் நெய்து, ஒரு பத்தியாக இவ்வாறு எழுதினோம்:

‘முதலில் கல்லைத் தூரிகையால் தேய்த்துக் கழுவிப் பாசியும் மண்ணும் போக்குவர். பின்னர் நனைத்த தாளைக் கல்லின்மேல் ஒட்டி, தாள் எழுத்துப் பள்ளங்களுக்குள் அமருமாறு தூரிகையால் தட்டுவர். தாள் ஓரளவு உலர்ந்த பின்னரே மையொற்றியால் மேலே ஒற்றுவர். ஈரம் மிகுந்திருப்பின் மை பரவிப் பள்ளத்தினுள்ளும் இறங்கிவிடும். மேட்டில் மட்டும் மை படிவதால், எழுத்துகள் கருநிறத் தளத்தில் வெண்மையாகத் தெரியும். கல்லின் விரிசலும் அவ்வாறே வெண்மையாகத் தெரியுமாதலின், உளி வெட்டியது எது, காலம் வெட்டியது எது எனப் பிரித்தறிதல் படிப்பவர் கடமை.’

படவில்லையின் நான்கு சொற்களும் இப்பத்தியில் உள்ளன. ஆயினும் ஒன்றும் இருமுறை வரவில்லை. பயணக் கதையை விட்டுவிட்டோம். அது சுவையானதே, எனினும் மைப்படி எடுக்கும் முறைக்கு அது துணை செய்யவில்லை. பேச்சில் இளைப்பாறலாக அமைவது, எழுத்தில் தடையாகிவிடுவதுண்டு.

திரைக்கு வாராத மூன்று படவில்லைகளை என்செய்வது? அவை பெரியவர் எழுதியவையே. ஆனால் அன்று கூறியவை அல்ல. அவரையே கேட்டோம். நில அளவைச் சொற்களைப் பற்றிய ஒன்றைச் சேர்க்கலாம், மற்ற இரண்டும் இன்னும் சரிபார்க்க வேண்டியவை என்றார். சேர்த்த ஒன்றின் முன், ‘நேரமின்மையால் அவையில் கூறாது விடப்பட்டது’ என்று ஒரு வரி எழுதினோம்.

இப்பணி நமக்குப் புதிது, தமிழுக்குப் புதிதன்று. பதின்மூன்றாம் நூற்றாண்டில் திருவரங்கத்தில் நம்பிள்ளை திருவாய்மொழிக்குப் பொருள் கூறியதைப் பகலில் கேட்ட வடக்குத் திருவீதிப் பிள்ளை, இரவில் அதனை ஏட்டில் எழுதி வந்தார் என்றும், அவ்வாறு எழுந்ததே ஈடு முப்பத்தாறாயிரம் என்றும் மரபு கூறும். தம் அனுமதியின்றி எழுதினார் என்பதால் ஆசிரியர் அவ்வேடுகளை வாங்கி வைத்துக்கொண்டார் என்பதும் அம்மரபில் உண்டு. முன்பு அதனைப் படித்தபோது ஆசிரியர் சற்றுக் கடுமையாக நடந்துகொண்டதாகத் தோன்றியது. பத்தொன்பதாம் படவில்லைக்குப் பின் அவ்வாறு தோன்றவில்லை. சொன்னவர் பார்வைக்கு வாராத எழுத்து, கேட்டவர் விருப்பத்தையும் சேர்த்து எழுதிவிடும்.

நம் காலத்திற்கு அணிமையிலும் ஒன்று உண்டு. அமெரிக்காவில் கால்டெக் நிறுவனத்தில், 1961 முதல் 1963 வரை ஃபெயின்மன் மாணவர்க்கு ஆற்றிய இயற்பியல் விரிவுரைகளை ஒலிநாடாவில் பதிந்தனர். அவர் எழுதிய கரும்பலகைகளையும் ஒளிப்படம் எடுத்தனர். அவ்விரண்டையும் இணைத்து நூலாக்கியவர்கள் லெய்ட்டனும் சாண்ட்ஸும். இருவரும் இயற்பியலறிஞர். பலகையில் உள்ள சமன்பாட்டிற்கும் வாயிலிருந்து வந்த சொல்லிற்கும் உள்ள உறவை, அத்துறை அறிந்தவரே சொல்லக்கூடும். நமக்குக் கல்வெட்டறிவு இல்லாமையால், அந்த இடத்தைப் பெரியவரின் தொலைபேசி நிரப்பியது. அவர் இசைந்து மூன்றுமுறை படித்துத் திருத்தியிராவிட்டால் இக்கட்டுரையை வெளியிட்டிருக்கமாட்டோம்.

இறுதியில் பத்தொன்பதாம் படவில்லைக்குரிய பத்தி இவ்வாறு அமைந்தது:

‘காவிரிக்கரை ஊர் ஒன்றில் உள்ள இக்கல்லின் மேற்பகுதி உடைந்துவிட்டமையால் அரசன் பெயர் கிடைக்கவில்லை. எழுத்தமைதி கொண்டு இதனை 11ஆம் நூற்றாண்டினது எனலாம். 12ஆம் நூற்றாண்டினதாகவும் இருத்தல் கூடும். சோழர் தலைக்காட்டைக் கைப்பற்றி அதனை இராசராசபுரம் எனப் பெயரிட்டு ஆண்ட காலத்தில், ஆட்சியாளர் மொழியில் ஆவணம் எழுதுவது வழக்காயிருந்தது. ஆகவே கல்வெட்டுத் தமிழில் இருப்பது ஒன்றை மட்டும் கொண்டு ஊரார் தமிழர் எனத் துணிதல் இயலாது. கொடையளித்தவர் பெயர் தமிழ்ப்பெயராயிருத்தல், தமிழர் சிலர் அங்கு வாழ்ந்திருக்கலாம் என்பதற்கு ஒரு குறிப்பு ஆகும்.’

தலைக்காட்டைப் பற்றிய செய்தி, பேச்சில் பதினெட்டாம் நிமிடத்தில், வேறொரு படத்தின்போது வந்தது. ஆட்சியாளர் மொழி என்னும் காரணம் அதனோடு சேர்ந்தால்தான் விளங்குமாதலின், அங்கிருந்து இங்கே கொணர்ந்தோம். எழுத்துக்கு அந்த உரிமை உண்டு. பேசியவரின் வரிசையை மாற்றலாம், அவர் உறுதியின் அளவை மாற்றலாகாது.

இப்புதிய படியையும் அந்த உறுப்பினரிடம் கொண்டுபோய்க் கொடுத்தோம். முன்னர் எழுதியது பிழை என்பதையும் ஒளிக்காமல் சொன்னோம். மெதுவாகப் படித்தார். சிறிது நேரம் பேசவில்லை. நம்மீது வருத்தம் போலும் என்று எண்ணினோம். பிறகு, ‘இருக்கலாம்’ என்னும் சொல்லின்மீது விரலை வைத்துக்கொண்டு, “அந்தக் கல் இங்கிருந்து எவ்வளவு தூரம்? ஞாயிற்றுக்கிழமை பேரனை அழைத்துக்கொண்டு போனால் பார்க்க விடுவார்களா?” என்று கேட்டார். பெரியவரிடம் கேட்டு வழி எழுதிக் கொடுத்தோம்.